அத்தியாயம் 7: ஆட்டம் மூன்றரை மணி நேரம், உடுப்பு பதினேழரை மணி நேரம்

விழுப்புரத்தில் என் தையல் கடைக்குத் தங்கை மகள் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் வந்தாள். கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினாள். மினுமினுக்கும் குட்டை டாப்ஸ், தரையைக் கூட்டும் அகலத்தில் பலாசோ, வெள்ளி நிறத்தில் குதிகால் உயர்ந்த செருப்பு.

"பெரியம்மா, இதே மாதிரி தைச்சுக் குடுங்க. சனிக்கிழமை நந்தனம் கிரவுண்டுல கான்சர்ட். ஸ்டாண்டிங் டிக்கெட்தான் கிடைச்சுது."

"சரிடி, திரும்பி எப்படி வருவ?"

"பஸ்லதான். நானும் ஃப்ரெண்டும் வந்துடுவோம்."

படத்தில் இருந்த பெண் காரில் வந்து காரில் போகிறவள். இவளோ விழுப்புரத்திலிருந்து போய் விழுப்புரத்துக்கே திரும்ப வேண்டியவள். துணியை எடுப்பதற்கு முன்னால், வெட்டுத் தாளின் பின்பக்கத்தில் அவளோடு உட்கார்ந்து ஒரு கணக்குப் போட்டேன். இந்த அத்தியாயம் முழுக்க அந்தக் கணக்கிலிருந்துதான் வருகிறது.

காலை பத்தரைக்கு வீட்டை விட்டுக் கிளம்புகிறாள். பதினொரு மணி பேருந்து பிடித்தால் கிளாம்பாக்கம் வர இரண்டாகும். அங்கிருந்து மாநகரப் பேருந்தும் மெட்ரோவுமாக மாறி நந்தனம் போய்ச் சேர மூன்றரை. நாலரைக்குக் கதவைத் திறப்பார்கள். முன்னால் இடம் வேண்டுமென்றால் வெயிலில் வரிசையில் நிற்க வேண்டும். ஆறரைக்கு இசை தொடங்கும். பத்து மணிக்கு நிறுத்திவிடுவார்கள். திறந்தவெளியில் இரவு பத்துக்கு மேல் ஒலிபெருக்கி வைக்கக் கூடாது என்பது 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளில் உள்ள பொதுவான தடை. அத்தனை பேரும் ஒரே நேரத்தில் வெளியே வருவதால் சாலையைத் தொட இன்னும் நாற்பது நிமிடம். மெட்ரோவின் கடைசி வண்டி சுமார் பதினொரு மணிக்கு. நந்தனத்தில் ஏறினால் அதே தடத்தில் விமான நிலையம். அங்கிருந்து ஜி.எஸ்.டி. சாலையில் பேருந்தோ ஷேர் ஆட்டோவோ பிடித்துக் கிளாம்பாக்கம் போக நள்ளிரவு தாண்டும். பன்னிரண்டரை பேருந்தில் ஏறினால் மூன்றரைக்கு விழுப்புரம், நாலுக்கு வீடு.

மொத்தம் பதினேழரை மணி நேரம். அதில் ஆடப்போவது மூன்றரை. மீதியெல்லாம் நிற்பது, நடப்பது, பேருந்தில் உட்காருவது. "இப்ப சொல்லு, எந்த நேரத்துக்கு நான் தைக்கணும்?" என்றேன். அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். ஆனால் படத்தை மூடிவிட்டாள்.

முதலில் கால்

மேலே என்ன போடுவது என்று யோசிக்கும் முன் காலை முடிவு செய்யுங்கள். மற்ற எதில் தவறு செய்தாலும் சமாளிக்கலாம். கால் கடித்துவிட்டால் மூன்றாவது பாட்டிலேயே ஓரமாகப் போய் உட்கார வேண்டியதுதான்.

செருப்பு வேண்டாம். வாரும் பக்கிளும் உள்ள செருப்புகூட வேண்டாம். நெரிசலில் பின்னால் நிற்பவர் உங்கள் குதிகாலை மிதிப்பார். வேண்டுமென்று அல்ல, அவர் குதிக்கும்போது நீங்கள் முன்னால் நகர்ந்திருப்பீர்கள். மிதித்த நொடியில் நீங்கள் காலைத் தூக்கினால் வார் அறுந்துவிடும். கூட்டம் கலைந்த மைதானங்களில் ஒற்றைச் செருப்புகள் கிடப்பது இதனால்தான். குதிகால் உயர்ந்தவற்றுக்கு வேறு கணக்கு. குதிகால் உயர உயர உடம்பின் பாரம் விரல்களுக்குப் பின்னால் இருக்கும் சதைமேட்டில் இறங்கும். அதன்மேல் மூன்றரை மணி நேரம் குதித்தால் மறுநாள் பாதம் தரையில் ஊன்றாது. மைதானத்து மண்ணும், புல்லும், காலடியில் ஓடும் ஒயர்களை மூடிய பட்டைகளும் சேர்ந்தால் கணுக்கால் பிசகவும் செய்யும்.

ஆகவே கயிறு கட்டும் ஷூ. அதிலும் புதிதாக வாங்கியது கூடாது. தங்கை மகள் வெள்ளை ஷூ ஒன்றைப் புதிதாக வாங்கி, அழுக்காகிவிடும் என்று பெட்டியிலேயே வைத்திருந்தாள். அன்று மாலையே போட்டுக்கொண்டு கடைத்தெருவுக்குப் போய்வரச் சொன்னேன். சனிக்கிழமைக்குள் அது அவள் காலில் பதினைந்து மணி நேரமாவது இருந்திருக்க வேண்டும். இரண்டாம் நாளே இடது குதிகாலில் சிவந்திருந்தது. அதை விழுப்புரத்தில் தெரிந்துகொள்வது நல்லது, நந்தனத்தில் அல்ல. சிவந்த இடத்தில் சனிக்கிழமை காலையிலேயே பிளாஸ்டர் ஒட்டிவிட்டோம். கொப்புளம் வந்த பிறகு ஒட்டுவதைவிட, உராயப் போகும் இடத்தில் முன்கூட்டியே ஒட்டுவதுதான் வேலை செய்யும்.

ஷூ வாங்குகிறவர்கள் மாலையில் போய் வாங்குங்கள். நாள் முழுக்க நின்ற கால் மாலையில் சற்று வீங்கியிருக்கும். கச்சேரியில் உங்கள் காலுக்கு இருக்கப்போகும் அளவும் அதுதான். போட்டு எழுந்து நின்றால் நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் காலியாக இருக்க வேண்டும். பிறகு ஷூவைக் கையில் எடுத்து முனையையும் குதியையும் பிடித்து வளையுங்கள். விரல்கள் மடங்கும் இடத்தில் வளைந்தால் நல்ல ஷூ. நட்ட நடுவில் மடிந்தால் பாதத்துக்கு அது துணை நிற்காது. மெல்லிய ரப்பர் அடியுள்ள கேன்வாஸ் ஷூக்கள் படத்தில் அழகாக இருக்கும். ஆனால் கல் குத்துவதுகூட உள்ளே தெரியும். நான் அவற்றைச் சொல்ல மாட்டேன்.

கயிறு கட்டுவதிலும் ஒரு சங்கதி உண்டு. பல ஷூக்களில் மேலே கணுக்காலை ஒட்டி ஓர் ஓட்டை கூடுதலாக இருக்கும். யாரும் அதில் கயிறு கோப்பதில்லை. குதிக்கும்போது கால் முன்னால் சறுக்கி நகங்கள் ஷூவில் மோதாமல் இருக்கத்தான் அந்த ஓட்டை. அதில் கோத்து இறுக்கினால் குதிகால் பின்னாலேயே நிற்கும். முடிச்சை இரட்டையாகப் போட்டு, மிச்சக் கயிற்றைக் குறுக்குக் கயிறுகளுக்கு அடியில் செருகிவிடுங்கள். கூட்டத்தின் நடுவில் குனிந்து கயிறு கட்டுவது ஆபத்தான காரியம்.

சாக்ஸ் ஷூவின் விளிம்புக்கு மேலே இரண்டு விரற்கடை தெரிய வேண்டும். உள்ளே மறையும் குட்டைச் சாக்ஸ் மூன்றாவது குதியிலேயே சுருண்டு பாதத்துக்கு அடியில் போய்விடும். முழுக் காட்டன் சாக்ஸ் வியர்வையைக் குடித்துவிட்டு விடியும்வரை ஈரமாகவே இருக்கும், ஈரத்தோல்தான் சீக்கிரம் கொப்புளிக்கும். நைலானோ பாலியஸ்டரோ கலந்த விளையாட்டுச் சாக்ஸ் நல்லது. இன்னொரு ஜோடியைக் காற்றுப் புகாத ஜிப் கவரில் போட்டுக்கொள்ளுங்கள். அது பேருந்துக்கு.

மேலே காட்டன், கீழே வேறு

"காட்டன்தானே போடணும்?" என்று கேட்காதவர் இல்லை. பாதி சரி.

காட்டன் ஈரத்தை விரும்பும் நூல். நூறு கிராம் காட்டன் சாதாரணமாகக் காற்றிலிருந்தே ஏழெட்டு கிராம் ஈரத்தை வாங்கி வைத்திருக்கும். பாலியஸ்டர் அரை கிராம்கூட வாங்காது. வியர்வையைக் காட்டன் நூலே குடிப்பதால் தோலில் பிசுபிசுப்புக் குறைகிறது. ஆனால் குடித்ததை லேசில் விடாது. மைதானத்தில் இது தொந்தரவில்லை, அங்கே சூடுதான் பிரச்சினை. தொந்தரவு பேருந்தில் தொடங்குகிறது. ஈரம் காயும்போது உடம்பின் சூட்டை எடுத்துக்கொண்டுதான் காயும். ஏசி பேருந்தில் மேலேயிருந்து நேராக முதுகில் காற்று விழுந்தால், நனைந்த காட்டன் மூன்று மணி நேரம் உங்களைக் குளிரவைத்துக்கொண்டே இருக்கும்.

இது எனக்கு நேர்ந்தது. சில வருடங்களுக்கு முன் ஒரு திரையிசை நிகழ்ச்சிக்கு ரேயான் குர்தி போட்டுக்கொண்டு போனேன். ரேயான் காட்டனைவிடவும் அதிகம் குடிக்கும். நனைந்தால் கனத்துத் தொங்கும். அதைவிட முக்கியமாக, நனைந்த ரேயானின் நூல் வலுவிழந்துவிடும். நிகழ்ச்சி முடிவதற்குள் அக்குள் தையல் ஓரமாகத் துணி கிழிந்திருந்தது. தையல் பிரியவில்லை, துணியே விட்டுவிட்டது. திண்டிவனம் வருவதற்குள் பல் கிட்டித்தது. தையல்காரியாக இருந்தும் அன்றைக்குத்தான் துணியைப் பற்றி எனக்குப் புத்தி வந்தது.

அதிலிருந்து நான் வைத்திருக்கும் விதி இது. மேலுடுப்பைப் பொதுக் கழிப்பறையில் ஒரு நிமிடத்தில் மாற்றிவிடலாம். கீழுடுப்பை மாற்ற முடியாது. ஈரத்தரையில் ஒற்றைக் காலில் நின்று ஷூவைக் கழற்றிப் பேண்டை மாற்றிப் பாருங்கள், தெரியும். ஆகவே மேலே மெல்லிய காட்டன், நனையட்டும், மாற்றிக்கொள்ளலாம். கீழே, போட்டபடியே காய்ந்துவிடும் துணி.

மேலுக்கு மல் காட்டன் போன்ற மெல்லியதை எடுத்தோம். சென்னையில் காற்றே ஈரம் என்பதால் வியர்வை எந்தத் துணியிலும் எளிதில் காயாது. அதனால் துணியைவிட அது உடம்பை ஒட்டாமல் இருப்பதுதான் பெரிது. மார்புச் சுற்றளவோடு வழக்கமாக விடும் தளர்வைவிட இரண்டு அங்குலம் கூட விட்டேன். நிறத்தில் சாம்பலும் வெளிர் நீலமும் வேண்டாம், வியர்வைத் திட்டு அப்படியே தெரியும். வெள்ளை நனைந்தால் உள்ளே தெரியும். அவளுக்குக் கரும்பச்சையில் சின்னப் பூ அச்சு. மினுமினுப்பு வேண்டுமென்று அடம்பிடித்ததால் கழுத்தைச் சுற்றி மட்டும் ஜரிகைப் பட்டி வைத்துக் கொடுத்தேன். கையிலும் பக்கத்திலும் சீக்வின்ஸ் வைத்தால் அடுத்தவர் கையைக் கீறும், தன் கையையும் கீறும்.

கீழுக்கு, டிராக் பேண்ட் தைக்கும் மெல்லிய பாலியஸ்டர் துணி, கொஞ்சம் லைக்ரா கலந்தது. கடையில் துணியின் பெயரை நம்பாதீர்கள். ஓர் ஓரத்து நூலை உருவி நெருப்பில் காட்டுங்கள். காகிதம் எரிந்த வாசனையும் தொட்டால் பொடியாகும் சாம்பலும் காட்டனோ ரேயானோ. உருகி உருண்டையாக இறுகினால் பாலியஸ்டர் வகை. வீட்டில் இருப்பதைச் சோதிக்க இன்னும் எளிது. நனைத்துப் பிழிந்து மின்விசிறிக்கு அடியில் போட்டுவிட்டு மணியைப் பாருங்கள். ஒரு மணி நேரத்துக்குள் காய்ந்தால் பேருந்திலும் காயும். ஜீன்ஸைப் போட்டுப் பார்த்தால் ராத்திரிச் சாப்பாடு முடிந்த பிறகும் இடுப்புப் பட்டியும் பாக்கெட்டும் ஈரமாக இருக்கும். ஜீன்ஸ் வேண்டாம் என்று சொல்வதற்கு எனக்கு வேறு காரணம் தேவையில்லை. முழங்காலுக்குப் பின்னால் மடிப்பு அழுத்திக்கொண்டு மூன்று மணி நேரம் உட்காருவது தனித் தொல்லை.

கையைத் தூக்கினால் குர்தியும் ஏறுகிறதா?

கச்சேரியில் கை மேலேதான் இருக்கும். கடையில் வாங்கும் பெரும்பாலான குர்திகளில் கையைத் தூக்கினால் மொத்த உடுப்பும் நான்கைந்து அங்குலம் மேலே ஏறிவிடும். அளவு சிறியது என்று நினைத்து அடுத்த அளவு வாங்குவார்கள், அது இன்னும் ஏறும். காரணம் ஆர்ம்ஹோல். அது கீழே இறங்கி வெட்டியிருந்தால் கையோடு பக்கத்துணியும் சேர்ந்து மேலே போகும். அக்குளை ஒட்டி உயரமாக வெட்டியிருந்தால் கை மட்டும் போகும், உடுப்பு இருந்த இடத்திலேயே இருக்கும். இறுக்கமாக இருப்பதுதான் தடை என்று தோன்றும். உண்மை நேர்மாறு.

தைத்துக்கொள்பவர்கள் தையல்காரரிடம் ஆர்ம்ஹோலை ஓர் அங்குலம் ஏற்றி வெட்டச் சொல்லுங்கள். அக்குளில் மூன்றங்குலச் சாய்சதுரத் துண்டு ஒன்று வைத்தால் இன்னும் நல்லது. பழைய ஜிப்பாக்களில் இருக்குமே, அதேதான். நீளம் முழங்காலுக்கு மேலே நிற்கட்டும், இரண்டு பக்கமும் ஓபன் இருக்கட்டும். போட்டுக் காட்டும்போது கண்ணாடி முன்னால் அமைதியாக நிற்காதீர்கள். இரண்டு கையையும் உயர்த்துங்கள், பத்து முறை குதியுங்கள், முழுதாகக் குந்தி எழுங்கள். என் கடையில் அவள் குதித்தபோது எதிரே டீக்கடையில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பரவாயில்லை, எதுவும் ஏறவில்லை, எங்கும் இழுக்கவில்லை.

உள்ளே ஸ்போர்ட்ஸ் பிரா. தொடை உரசும் உடம்புவாகு உள்ளவர்கள் பேண்டுக்குள் நைலான் சைக்கிளிங் ஷார்ட்ஸ் போடுங்கள், இல்லையென்றால் கிளம்பும்போது வாசலின் தடவுங்கள். வியர்வை காய்ந்து மிஞ்சும் உப்புத்தான் இரவு பதினொரு மணிக்கு மேல் தோலை அறுக்கிறது. அப்போது தடவினால் எரியும். துப்பட்டா வேண்டாம். ஜிமிக்கி, பெரிய வளையம், நீளச் சங்கிலி வேண்டாம். ஒட்டினாற்போலத் தோடு போதும்.

ஜம்ப்சூட் போடலாமா என்று அவள் தோழி கேட்டாள். தற்காலிகக் கழிப்பறையின் தரையை நினைத்துக்கொள். தோளிலிருந்து முழுவதையும் அவிழ்த்து இறக்க வேண்டும், அதன் கைகள் எங்கே படும்? அதற்குமேல் நான் விளக்கவில்லை.

பாக்கெட்

இதற்கு மட்டும் நான் கொஞ்சம் கூடுதலாகப் பேசுவேன்.

கூட்டத்தில் தொலைவது கைப்பேசி. கையில் வைத்துக்கொண்டு ஆட முடியாது. தோள்பை குதிக்கும்போது அடிக்கும், பின்னால் போனால் கண்ணுக்குத் தெரியாது. பாக்கெட் வேண்டும் என்று கேட்டால் எல்லாரும் குர்தியின் பக்கத் தையலில் ஒரு பை வைத்துக் கொடுப்பார்கள். அது தவறு. கைப்பேசி இருநூறு கிராம் இருக்கும். தளர்ந்த துணியில் தொங்கும் இருநூறு கிராம், நீங்கள் குதிக்கும் ஒவ்வொரு முறையும் தொடையில் சுத்தியல்போல அடிக்கும். குர்தியும் ஒருபக்கம் இழுத்துக்கொள்ளும்.

பாக்கெட் பேண்டில் இருக்க வேண்டும். முன்தொடையில், இடுப்புக்கு நான்கு அங்குலம் கீழே வாய் தொடங்கட்டும். வாய்க்கு ஏழு அங்குல ஜிப். உள்பை எட்டு அங்குல ஆழம், அப்போதுதான் கைப்பேசி முழுக்க இறங்கி ஜிப் மூடும். உள்பைக்கு வழுக்கும் லைனிங் துணி வேண்டாம், கெட்டியான பாப்ளின் போடுங்கள். பையின் மேல்ஓரத்தை நீட்டி இடுப்புப் பட்டியோடும், பக்க ஓரத்தைப் பக்கத் தையலோடும் சேர்த்துத் தைத்துவிட வேண்டும். இரண்டு பக்கம் கட்டுண்ட பை ஆடாது. ஜிப்பின் இரண்டு முனைகளிலும் முன்னும் பின்னுமாக நான்கைந்து தடவை ஓட்டி இறுக்கச் சொல்லுங்கள். பிய்வது எப்போதும் அந்த முனைதான்.

இன்னொரு தொடையில் சின்னதாக ஒன்று, பணமும் பயண அட்டையும் அடையாள அட்டையும் வைக்க. இடுப்புக்கு எலாஸ்டிக் மட்டும் போதாது, கைப்பேசியின் கனம் பேண்டைக் கீழே இழுக்கும். நாடாவும் வேண்டும். நாடாவின் நுனிகள் வெளியே தொங்காமல் உள்பக்கமாக வரட்டும்.

ஆண்களுக்கு இதில் பாதி வேலை மிச்சம். கார்கோ பேண்டில் எல்லாப் பாக்கெட்டும் இருக்கிறது. பனியனுக்கு மேல் சட்டை போடுகிறவர்கள் இரண்டுமே நனையும் என்பதை நினைத்து இரண்டுக்கும் மாற்று எடுத்துக்கொள்ளுங்கள். ஒட்டிக்கோ வேட்டியில் போகலாமா என்று ஒரு தம்பி கேட்டார். ஒட்டுப்பட்டியை நம்பிக் குதிப்பது அவரவர் துணிச்சல்.

பேருந்துக்கு என்று ஒரு பொட்டலம்

பல இடங்களில் பெரிய பையை உள்ளே விட மாட்டார்கள். டிக்கெட்டில் எழுதியிருக்கும், படித்துவிடுங்கள். அதனால் எல்லாம் ஒரு சின்ன இடுப்புப் பைக்குள் அடங்க வேண்டும். எங்கள் பொட்டலத்தில் இருந்தவை: தண்ணீர் பாட்டில் பருமனுக்கு இறுக்கிச் சுருட்டிய முழுக்கை டிஷர்ட் ஒன்று, சாக்ஸ் ஒரு ஜோடி, காலியான ஜிப் கவர் ஒன்று, கைக்குட்டை அளவில் மெல்லிய துண்டு, இரண்டு பிளாஸ்டர், இரண்டு ஊக்கு. மழைக்குப் பாலித்தீன் கோட், மடித்தால் உள்ளங்கைக்குள் அடங்குவது. குடை வேண்டாம், நெரிசலில் அதன் கம்பி அடுத்தவர் கண் உயரத்தில் நிற்கும். ஆகஸ்ட், செப்டம்பரிலும் சென்னையில் மாலை மழை சாதாரணம். 2023 ஆகஸ்டில் நடக்க இருந்த ஏ.ஆர். ரஹ்மான் நிகழ்ச்சி மழையால்தான் செப்டம்பருக்குத் தள்ளிப்போனது.

முழுக்கை டிஷர்ட் என்று சொன்னதற்குக் காரணம் ஏசி. இதற்குப் பாலியஸ்டர் வேண்டாம், காய்ந்த காட்டன் பின்னல் துணிதான் இதம்.

மாற்றும் இடம் முக்கியம். நிகழ்ச்சி முடிந்த உடனே மைதானத்தில் மாற்றினால் மெட்ரோ வரைக்கும் நடப்பதிலேயே அதுவும் நனைந்துவிடும். கிளாம்பாக்கம் வந்து, வியர்வை நின்ற பிறகு, பேருந்து ஏறுவதற்குப் பத்து நிமிடம் முன்னால் மாற்றுங்கள். முதலில் கழுத்தையும் முதுகையும் துண்டால் துடைக்க வேண்டும். நனைந்த குர்தி ஜிப் கவருக்குள் போகட்டும். பேருந்தில் உட்கார்ந்த பிறகு சாக்ஸை மாற்றி, ஷூவின் கயிற்றை முழுக்கத் தளர்த்திவிடுங்கள். உட்கார்ந்தபடி வரும்போது கால் மேலும் வீங்கும். ஷூ மழையில் நனைந்திருந்தால் காய்ந்த சாக்ஸின் மேல் ஒரு பிளாஸ்டிக் கவரைச் சுற்றிவிட்டு ஷூவுக்குள் காலை விடுங்கள். பார்க்க அசிங்கம், ஆனால் கால் சூடாக இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இரண்டு பேரும் கடைக்கு வந்தார்கள். கால் நன்றாக இருந்தது. பாக்கெட் ஆடவில்லை. தங்கை மகள், ஜிமிக்கி போடாதே என்று சொன்னதை மீறிப் போட்டுக்கொண்டு போய், ஐந்தாவது பாட்டில் முன்னால் நின்ற பெண்ணின் கூந்தலில் அது மாட்டி, இருவரும் தலையோடு தலை ஒட்டி இரண்டு நிமிடம் நின்றார்களாம்.

என் தவறும் ஒன்று இருந்தது. பேண்டின் நீளத்தை அவள் வெறுங்காலோடு நின்றபோது அளந்தேன். ஷூ போட்டால் சரியாகிவிடும் என்று ஓர் அங்குலம் கூட விட்டேன். கழிப்பறையில் பேண்டை இறக்கியபோது அந்த விளிம்பு தரை ஈரத்தைத் தொட்டுவிட்டது. துணி அதை உறிஞ்சி முழங்கால்வரை ஏற்றிவிட்டது. நல்லவேளையாக மெட்ரோவிலேயே காய்ந்தது. கணுக்கால் எலும்புக்கு மேலேயே கீழ்விளிம்பு நிற்கட்டும், இல்லையென்றால் கீழே எலாஸ்டிக் வைத்துவிடுங்கள். அவளுடைய பேண்டில் பிறகு அதைத்தான் செய்தேன்.

கடைசியாக ஒன்று. விடிகாலை நாலு மணிக்கு வீட்டுக்குள் நுழைந்ததும் படுக்கைக்குப் போகும் முன் அந்த ஜிப் கவரைத் திறந்து குர்தியைக் கொடியில் போட்டுவிடுங்கள், சோப்புப் போடுவதெல்லாம் காலையில் பார்த்துக்கொள்ளலாம். மூடிய கவருக்குள் ஈரத்தோடு கிடக்கும் காட்டனில் கரும்புள்ளி விழுந்துவிடும். அது சாதாரணமாகத் துவைத்தால் லேசில் போகாது.